சமைத்து வைத்ததற்குத் தேதி போடுவது: ஹோட்டல், மெஸ் சமையலறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர சைவ ஹோட்டலில் சமையலறைப் பொறுப்பு பார்க்கிறேன். தினமும் கிரேவி, மாவு, வேகவைத்த உருளைக்கிழங்கு, சுண்டல், புளிக்கரைசல் என்று இருபது முப்பது டப்பா ஃப்ரிட்ஜுக்குள் போகும், வரும். மற்ற கடைகளில் இருக்கும் மாஸ்டர்களும் சூப்பர்வைசர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

லேபிள்ல என்னதான் எழுதணும்? பேரும் தேதியும் போதாதா?

போதாது. நான்கு விஷயம் வேண்டும்: உள்ளே என்ன இருக்கிறது, எப்போது செய்து முடித்தோம், எதுவரை பயன்படுத்தலாம், யார் வைத்தது. எங்கள் கிரேவி ட்ரேயில் இப்படித்தான் இருக்கும்:

வெங்காய தக்காளி கிரேவி
செய்தது: திங்கள் 12, 15:00
கடைசி: புதன் 14, இரவு
மு

இதில் பலர் விட்டுவிடுவது மூன்றாவது வரி. செய்த தேதி மட்டும் இருந்தால், அவசரத்தில் ட்ரேயைக் கையில் எடுக்கிறவன் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கிரேவிக்கு மூன்று நாளா, உருளைக்கிழங்குக்கு இரண்டு நாளா என்று யோசிக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் கணக்கை வைக்கிறவனே போட்டு எழுதிவிட வேண்டும், எடுக்கிறவன் படித்தால் மட்டும் போதும்.

கடைசியில் இருக்கும் 'மு' என்பது வைத்தவரின் பெயரின் முதல் எழுத்து. யாரையும் மாட்டிவிட அல்ல. எழுத்து அழிந்திருந்தால், சந்தேகம் வந்தால், யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

கிழமையைச் சுருக்கி எழுதாதீர்கள். 'வி', 'வெ' இரண்டும் ஈரக்கையால் மார்க்கரில் எழுதினால் ஒன்றுபோலவே இருக்கும், வியாழனா வெள்ளியா என்று தெரியாமல் ஒரு நாள் போய்விடும். கிழமைக்குப் பக்கத்திலேயே தேதி எண்ணையும் போட்டுவிட்டால் குழப்பமே இல்லை. நேரத்தையும் 3 மணி என்று எழுதாமல் 15:00 என்று எழுதப் பழகினால் காலையா மாலையா என்ற கேள்வி வராது.

எந்த ஐட்டத்துக்கு எத்தனை நாள்னு எப்படி முடிவு பண்றது? அதுக்குச் சட்டம் இருக்கா?

எங்கள் கடை வேகவைத்த உருளைக்கிழங்குக்கு இத்தனை நாள் என்று எழுதிய அரசாங்கப் பட்டியல் எதையும் பார்த்து நான் போடவில்லை. பழையதை முதலில் பயன்படுத்தும் முறை வைத்திருக்கிறீர்களா என்று வெளியில் இருந்து சோதனைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். இனிப்புக் கடைகளில் தட்டில் வைத்து விற்கும் சில்லறை இனிப்புகளுக்கு, எதுவரை நன்றாக இருக்கும் என்ற தேதியைக் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கொண்டுவந்தது, பார்த்திருப்பீர்கள். அது வாடிக்கையாளர் கண்ணுக்கு. நாம் பேசுவது கிச்சனுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தேதி.

அமெரிக்காவில் உணவகங்களுக்கான விதித் தொகுப்பில் ஒரு மேல்வரம்பு இருக்கிறது. சமைத்து, 5 டிகிரிக்கும் கீழே வைத்த உணவு அதிகபட்சம் 7 நாள், அதுவும் செய்த நாளையே முதல் நாளாக எண்ணி. 5 டிகிரி எப்போதும் நிற்கிற ஃப்ரிட்ஜுக்கு அந்தக் கணக்கு. நம் கிச்சனில் மதியம் ஒரு மணி நேரத்தில் ஃப்ரிட்ஜ் கதவு எத்தனை தடவை திறக்கிறது என்று நின்று எண்ணிப் பாருங்கள். அதனால் நான் 7 பக்கமே போவதில்லை. கிரேவிக்கு 3 நாள், வேகவைத்த உருளைக்கிழங்கு, சுண்டல், புளிக்கரைசல் எல்லாம் 2 நாள், தேங்காய்ச் சட்னி அந்த வேளையோடு சரி, மீதி இருந்தால் அடுத்த வேளைக்குப் போகாது. இது என் கடையின் கணக்கு. உங்கள் ஃப்ரிட்ஜ் எவ்வளவு குளிர்கிறது, ஒரு தடவை செய்தது உங்களிடம் எவ்வளவு நேரத்தில் தீர்கிறது என்பதைப் பார்த்து நீங்கள் இதைவிடக் குறைத்துக்கொள்ளலாம்.

எண்ணும் முறையில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். செய்த நாள்தான் முதல் நாள். திங்கள் மதியம் செய்த 3 நாள் கிரேவி புதன் இரவோடு முடிகிறது. வியாழன் மதியம்வரை 72 மணி நேரம் இருக்கிறதே என்று ஒருவர் எண்ணி, இன்னொருவர் புதனோடு நிறுத்தினால் லேபிள் இருந்தும் பயனில்லை.

வாசனை நல்லாத்தான் இருக்கு, ருசியும் மாறல. தேதி முடிஞ்சதுன்னு எதுக்குக் கொட்டணும்?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் அனுபவமுள்ள மாஸ்டர்கள்தான். அவர்கள் மூக்கு எவ்வளவு கூர்மையானது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூக்கு பிடிப்பது கெட்டுப்போவதை. ஊசிப்போன வாடை, நுரை, நூல் விடுவது எல்லாம் ஒரு வகைக் கிருமிகளின் வேலை. ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் பல வாடையே காட்டாமல் பெருகும். லிஸ்டீரியா என்று ஒன்று, ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெதுவாகப் பெருகக்கூடியது, கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் ரொம்ப ஆபத்தானது. நாள்கணக்கில் வரம்பு வைப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான். குளிர் அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

அதனால் வாசனை பார்ப்பதை விட வேண்டாம், ஆனால் அது ஒரு பக்கம்தான் வேலை செய்ய வேண்டும். தேதி இருந்தும் வாடை வந்தால் கொட்டுங்கள். வாடை இல்லை என்பதற்காகத் தேதியைத் தாண்டாதீர்கள்.

கொஞ்சம்தான் மீதி இருக்கு. புதுசா செஞ்சதோட கலந்துட்டா ஒரு ட்ரே மிச்சமாகுமே, அதில் என்ன தப்பு?

நம் ஊர்க் கிச்சன்களில் தேதி முறை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் கிச்சனில் நடந்த ஒரு புதன்கிழமையை எடுத்துக்கொள்வோம்.

திங்கள் 12ஆம் தேதி மதியம் 10 கிலோ கிரேவி செய்து, இரண்டரை கிலோ வீதம் நான்கு ட்ரேயில் வைத்தோம், கடைசி புதன் 14 இரவு. செவ்வாய் 13 மதியம் இன்னும் மூன்று ட்ரே, ஏழரை கிலோ, அதற்குக் கடைசி வியாழன் 15 இரவு. செவ்வாய் இரவு கடை மூடும்போது திங்கள் சரக்கில் 1.2 கிலோ மீதி, செவ்வாய் சரக்கு மூன்று ட்ரேயும் முழுசாக இருந்தது. புதன் மதியம் எடுக்கப் போன பையன், முன்னால் இருந்த செவ்வாய் ட்ரேயை எடுத்துவிட்டான், அது தீர்ந்தும் விட்டது. இப்போது புதன் மாலைக்கு இருப்பது: திங்கள் சரக்கு 1.2 கிலோ, செவ்வாய் சரக்கு 5 கிலோ. இரவுக்குத் தேவை சுமார் 3 கிலோ.

இந்த நேரத்தில் ஒருவர் இடம் வேண்டும் என்று அந்த 1.2 கிலோவை ஒரு செவ்வாய் ட்ரேயில் கொட்டிக் கலந்துவிட்டார். இப்போது அந்த ட்ரேயில் 3.7 கிலோ. வெளியே இருக்கும் லேபிள் என்ன சொல்கிறது? வியாழன் 15 என்று. ஆனால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு புதன் இரவோடு முடிகிற சரக்கு. வியாழன் மதியம் அந்த ட்ரேயை எடுக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது, லேபிளைப் படித்துவிட்டுச் சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு நான்காம் நாள் கிரேவியைப் பரிமாறுவான்.

கலந்தால் விதி ஒன்றுதான். கலவைக்கு, அதில் இருப்பதில் பழையது எதுவோ அதன் தேதி. அதாவது 3.7 கிலோவுக்கும் புதன் 14 இரவு. இரவுக்கு 3 கிலோ போனால் மீதி 700 கிராமைக் கொட்ட வேண்டும். கலக்காமல் இருந்திருந்தால்? திங்கள் சரக்கு 1.2 கிலோவை முதலில் தீர்த்துவிட்டு, மீதத் தேவைக்குச் செவ்வாய் ட்ரேயில் இருந்து 1.8 கிலோ எடுத்திருப்போம். வியாழனுக்கு 3.2 கிலோ நல்ல தேதியோடு மிச்சம் இருந்திருக்கும், ஒரு கிராம்கூட வீணாகியிருக்காது.

இடம் மிச்சம் பிடிக்கத்தான் கலந்தோம், அதனாலேயே 700 கிராம் போயிற்று. மீதி கொஞ்சமாக இருந்தால் சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள், அது வேறு விஷயம். ஆனால் மாற்றும்போது பழைய லேபிளில் இருந்த தேதியையே புது டப்பாவில் எழுத வேண்டும். தேதி உணவுக்கு, பாத்திரத்துக்கு அல்ல. அன்றைய தேதியைப் போட்டுவிட்டால் மூன்று நாள் பழசு ஒரே நிமிடத்தில் புதுசாகிவிடும்.

திரும்பக் கொதிக்க வெச்சுட்டா எல்லாம் செத்துடுமே, அப்போ தேதி புதுசாத்தானே எழுதணும்?

கிருமி சாகலாம், அது ஏற்கெனவே கக்கி வைத்த நஞ்சு எல்லாம் போகாது. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோற்றை அண்டாவிலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்தால் முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சு ஒன்றை உண்டாக்கும். அந்த நஞ்சு கொதிநீருக்கும் அசையாது. ஸ்டாஃபைலோகாக்கஸ் நஞ்சும் அப்படித்தான், அது பெரும்பாலும் நம் கையில் இருந்தே உணவுக்குப் போகிறது.

எனவே சுட வைத்தாலும் தேதி அதே பழைய தேதிதான். எங்கள் கிச்சனில் ஒரு தடவைக்குமேல் சுட வைப்பதும் இல்லை, சுட வைத்து மீந்தது திரும்ப ஃப்ரிட்ஜுக்குப் போவதும் இல்லை. அதனால்தான் முழு ட்ரேயையும் அடுப்பில் ஏற்றாமல், தேவையான அளவை மட்டும் கரண்டியால் எடுத்துச் சுட வைக்கச் சொல்கிறேன்.

எந்த நேரத்தை எழுதறது? அடுப்பை அணைச்ச நேரமா, ஃப்ரிட்ஜில் வெச்ச நேரமா?

அடுப்பை அணைத்த நேரம். இரண்டுக்கும் இடையில் போகும் நேரம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம், அதைக் கணக்கில் இருந்து விட்டுவிடக் கூடாது.

சமையல் முடிந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் 60 டிகிரியில் இருந்து 21க்கு இறங்க வேண்டும், அதற்கடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5க்கு. இருபது லிட்டர் அண்டாவில் இருக்கும் கிரேவி அப்படியே ஆறாது. வெளிப்பக்கம் கைக்கு ஜில்லென்று இருக்கும்போது நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும், கரண்டி விட்டு ஒரு தடவை கிளறிப் பார்த்தால் ஆவி வரும். அகலமான ட்ரேயில் நான்கு விரல் உயரத்துக்குமேல் இல்லாமல் ஊற்றி, அடியில் ஐஸ் தண்ணீர் வைத்து இடையிடையே கிளறினால் சீக்கிரம் இறங்கும். சரியாக ஆறாத சரக்கில் லேபிள் எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த மூன்று நாள் கணக்கு பொருந்தாது.

இட்லி மாவுக்கும் இதே கணக்கா? அது புளிக்கத்தானே வெளிய வைக்கிறோம்?

மாவுக்கு இரண்டு நேரம் எழுதுங்கள்: அரைத்த நேரம், புளித்து ஃப்ரிட்ஜுக்குள் போன நேரம். கோடையில் கோயம்புத்தூரிலேயே ஆறு ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் விடிய விடிய வைத்தாலும் மந்தமாக இருக்கும். இரண்டு நேரத்தையும் எழுதி வைத்திருந்தால் எந்த டிரம் எவ்வளவு புளித்திருக்கும் என்று மூடியைத் திறக்காமலே சொல்லலாம். முதல் நாள் மாவு இட்லிக்கு, இரண்டாம் நாள் தோசைக்கு, அதற்குமேல் இருந்தால் ஊத்தப்பம் என்று டிரம்மைப் பிரிப்பதற்கும் அதே சீட்டுதான் உதவும்.

மாவு புளிப்பாக இருப்பதாலும், அப்புறம் வேகப் போவதாலும் கிரேவி அளவுக்கு எனக்குப் பயம் இல்லை. ஆனாலும் பழைய மாவு முழுவதையும் புது டிரம்மில் கவிழ்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். சீக்கிரம் புளிக்க ஒரு கரண்டி பழைய மாவு விடுவது காலம் காலமாகச் செய்வதுதான், அது பரவாயில்லை. தினமும் அடிமாவு மொத்தத்தையும் கொட்டிக்கொண்டே போனால் டிரம்மில் எந்த நாள் மாவு இருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இட்லி ஒரு நாள் பஞ்சு மாதிரியும் மறுநாள் தட்டையாகவும் வருகிறதே என்று கேட்பவர்களின் டிரம் கழுவி எத்தனை நாள் ஆனது என்று விசாரித்தால் பல நேரம் விடை அங்கேயே கிடைக்கும்.

டேப் ஒட்டவே மாட்டேங்குது, ஒட்டினாலும் எழுத்து அழிஞ்சிடுது. என்ன டேப் வாங்கறது?

ஒரு இஞ்ச் மாஸ்கிங் டேப், அழியாத கறுப்பு மார்க்கர், இரண்டும் போதும். பெயின்ட் கடையில் கிடைக்கும். பிரச்சினை பெரும்பாலும் டேப்பில் இல்லை, ஒட்டும் முறையில் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த எவர்சில்வர் டப்பாவில் நீர் பூத்திருக்கும், அதன்மேல் எந்த டேப்பும் நிற்காது. எண்ணெய்க் கை பட்ட இடமும் அப்படித்தான். டப்பா குளிர்வதற்கு முன்பே, உலர்ந்த துணியால் ஒரு இடத்தைத் துடைத்து ஒட்டிவிட வேண்டும். டேப்பை மேஜையில் ஒட்டி எழுதி, மை உலர்ந்த பிறகு டப்பாவுக்கு மாற்றுங்கள். வளைந்த டப்பாவின்மேல் எழுதப் போனால் கிறுக்கலாகத்தான் வரும்.

இன்னொன்று, மூடியில் ஒட்டாதீர்கள். டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் ஒரே அளவில் இரண்டு டப்பா, இரண்டிலும் குருமா, ஒன்று அன்று காலை செய்தது, இன்னொன்று மூன்று நாள் பழசு. பரிமாற எடுத்தவர் இரண்டு மூடியையும் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறார், மூடும்போது மாறிவிட்டது. லேபிள் மூடியில் இருந்ததால் பழைய குருமாவுக்குப் புதுத் தேதி கிடைத்தது. அடுத்த நாள் காலை இரண்டு மேஜைக்குப் பரோட்டாவோடு போய், ஒருவர் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டு மேஜைக்குப் போனவன் நான். அன்றில் இருந்து என் கிச்சனில் மூடியில் டேப் பார்த்தால் நானே பிய்த்து உடம்பில் ஒட்டுகிறேன்.

கழுவும்போது பழைய டேப்பை முழுசாக உரித்துவிட்டுத்தான் டப்பா அலமாரிக்குப் போக வேண்டும். இரண்டு டேப் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும் டப்பாவை நம்பவே கூடாது.

எங்க கிச்சன்ல பாதிப் பேர் ஒடிசா, பீகார் பசங்க. தமிழ் படிக்கத் தெரியாது. அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது?

எண்ணும் நிறமும் எல்லோருக்கும் புரியும். கிழமைக்கு ஒரு நிறம் என்று வட்ட ஸ்டிக்கர்கள் உண்டு. வெளிநாடுகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வியாழன் பழுப்பு, வெள்ளி பச்சை, சனி ஆரஞ்சு, ஞாயிறு கறுப்பு என்ற வரிசை பரவலாக இருக்கிறது. நீங்கள் வேறு வரிசை வைத்தாலும் தப்பில்லை, ஆனால் அந்தப் பட்டியலைப் பெரிதாக ஒட்டி ஃப்ரிட்ஜ் கதவில் வைக்க வேண்டும், மாற்றக் கூடாது.

எந்த நாளைக் குறிக்கிறது நிறம் என்பதிலும் முதலிலேயே முடிவெடுங்கள். செய்த நாளின் நிறமா, முடியும் நாளின் நிறமா? நான் முடியும் நாளின் நிறம் வைக்கிறேன். புதன்கிழமை காலை ஃப்ரிட்ஜைத் திறந்தால் சிவப்பு எல்லாம் இன்றே தீர வேண்டும், அவ்வளவுதான், எந்த மொழியும் தேவையில்லை. எங்கள் பசங்களில் ஒருவன் சேர்ந்த இரண்டாம் நாளே, "பையா, லால் இன்னும் இரண்டு இருக்கு" என்று வந்து சொன்னான்.

நிறத்துக்கு ஒரு குறை இருக்கிறது. வாரம் வாரம் அதே நிறம் திரும்ப வரும். போன புதன் சிவப்பும் இந்தப் புதன் சிவப்பும் ஒன்றுதான். அதனால் ஃப்ரீசரில் வாரக்கணக்கில் இருக்கும் சரக்குக்கு நிறம் மட்டும் போதாது, மாதத்தோடு தேதி எண்ணும் கட்டாயம்.

எப்படி அடுக்கினா பழசு தானா முன்னாடி வரும்?

தட்டு வைத்த ஃப்ரிட்ஜில் புது சரக்கைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுத்துவிட வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்ய மாட்டார்கள், காரணம், பின்னால் வைக்க முன்னால் இருப்பதை எடுத்து வெளியே வைக்க வேண்டும், கையில் கனமான ட்ரே இருக்கும். அதற்கு நான் கண்ட வழி, ஒரே ஐட்டத்துக்கு ஒரு தட்டின் அகலத்தை ஒதுக்கிவிட்டு, புதுசு எப்போதும் வலது ஓரத்தில் போகும், எடுப்பது எப்போதும் இடது ஓரத்தில் இருந்து. இடது தீர்ந்ததும் எல்லாவற்றையும் இடது பக்கம் தள்ளினால் போதும். ஒன்றையும் தூக்க வேண்டியதில்லை.

மேலே திறக்கும் டீப் ஃப்ரீசர் வேறு கதை. அதில் புதுசு மேலேயே விழும், பழசு அடியில் போய்ப் பனிக்கட்டிக்குள் புதைந்துவிடும். இரண்டு கூடை வாங்கிப் போடுங்கள், ஒன்று தீரும்வரை மற்றதில் கை வைக்கக் கூடாது.

அப்புறம், முதலில் செய்தது முதலில் போக வேண்டும் என்பதும் முழுக்கச் சரியில்லை. முதலில் முடிவது முதலில் போக வேண்டும். நேற்று வாங்கிய பனீர் பாக்கெட்டின் தேதி, முந்தாநாள் வாங்கியதைவிட முன்னால் முடிவது கடைக்காரர் கொடுக்கும் சரக்கில் அடிக்கடி நடக்கும். வாங்கிய நாளைப் பார்க்காமல் முடியும் நாளைப் பார்த்து அடுக்குங்கள்.

பாக்கெட்டிலேயே தேதி அச்சடிச்சிருக்கே, அதுக்கும் நாம எழுதணுமா?

அச்சடித்த தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு. பிரித்த நிமிடமே அந்தத் தேதி உங்களுக்கு உதவாது, பிரித்த நாளையும் உங்கள் கடைசி நாளையும் எழுத வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் தேதி அதைவிட முன்னால் வந்தால் அதுதான் கணக்கு. தகர டின்னைப் பிரித்தால் டின்னிலேயே வைக்காமல் மூடி உள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள்.

ஃப்ரீசர்ல வெச்சா நாள் கணக்கு நின்னுடுமா?

நிற்கும், ஆனால் திரும்பச் சுழியத்தில் இருந்து தொடங்காது. இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருந்த 3 நாள் கிரேவியை ஃப்ரீசரில் போட்டால், இளகிய பிறகு அதற்கு ஒரே நாள்தான். எனவே ஃப்ரீசர் லேபிளில் செய்த தேதி, உள்ளே போன தேதி, எடுத்த தேதி மூன்றும் வேண்டும். நல்ல சரக்காக இருக்கும்போதே, செய்த அன்றே ஃப்ரீஸ் பண்ணுங்கள். கடைசி நாளன்று காப்பாற்றப் பார்ப்பது பயன்தராது.

கரண்ட் போயிடுச்சு. லேபிள்ல நாளைக்குத்தான் கடைசின்னு இருக்கு, வெச்சுக்கலாமா?

லேபிளில் உள்ள தேதி 5 டிகிரியை நம்பிப் போட்டது. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம்வரை ஃப்ரிட்ஜ் ஓரளவு தாங்கும். அதற்குமேல் போயிருந்தாலோ, இடையில் திறந்து மூடியிருந்தாலோ தெர்மாமீட்டரைப் பாருங்கள், சமைத்த சரக்கு 5 டிகிரியைத் தாண்டி எவ்வளவு நேரம் இருந்தது என்றே தெரியவில்லை என்றால் வெளியேதான். நூறு இருநூறு ரூபாய் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத் தட்டில் வைத்து, காலையிலும் மாலையிலும் படித்து எழுதி வைத்தால் கரண்ட் போகாமலே ஃப்ரிட்ஜ் கெட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்துவிடும். எங்களுக்கு ஒரு தடவை கதவு ரப்பர் கிழிந்தது அப்படித்தான் தெரிந்தது, தினம் 4 காட்டியது மூன்று நாளாக 8 காட்டியது.

ராத்திரி 12 தாண்டி அரைக்கறோம், அது எந்த நாள் தேதி?

கடிகாரம் காட்டும் தேதிதான். நமக்கு அது இன்னும் சனிக்கிழமை ஷிஃப்ட்தான், ஆனால் காலை ஷிஃப்டுக்கு வருகிறவனுக்கு அது ஞாயிறு. 'ஞாயிறு 18, 00:40' என்று நேரத்தோடு எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம்.

தேதி முடிஞ்சதைக் கொட்டினா முதலாளி சத்தம் போடறார். என்ன பண்றது?

கொட்டுவதை எழுதி வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஐட்டம், எடை, எந்த நாள் செய்தது, ஏன் கொட்டினோம், இவ்வளவுதான். தராசில் நிறுத்துப் போடுங்கள், 'கொஞ்சம்' என்று எழுதாதீர்கள்.

நான்கு வாரம் எழுதிவிட்டு முதலாளியிடம் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும். எங்கள் நோட்டில் வேகவைத்த கொண்டைக்கடலை செவ்வாய் இரவு தவறாமல் வந்துகொண்டே இருந்தது, ஒரு கிலோ, ஒன்றே கால் கிலோ, ஒரு கிலோ. எல்லாமே திங்கள் காலை வேகவைத்தது. ஞாயிறு கூட்டத்தை நினைத்து ஊறப்போடுகிற அதே அளவை ஞாயிறு இரவும் பழக்கத்தில் ஊறப்போட்டிருக்கிறார்கள், திங்களன்று சோலே பூரி பாதிகூடப் போவதில்லை. ஊறவைக்கும் கடலையை ஞாயிறு இரவு மட்டும் அரை கிலோ குறைத்தோம். கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்குமேல் ஆகும், ஆக அந்த அரை கிலோவே நாங்கள் கொட்டிக்கொண்டிருந்த மொத்தமும். அடுத்த செவ்வாய் நோட்டில் கொண்டைக்கடலை வரியே இல்லை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்குப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.